எத்தனை பேருக்கு ஓர் அடுப்படி?

வேலைக்குப் போகும் இளைஞர்கள் சேர்ந்து வாழ ஒரு வீடு கட்டப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த வாக்கியத்திலேயே அறைகளின் எண்ணிக்கை வந்துவிடும். பதினெட்டு அறை, இருபது அறை, ஒவ்வொன்றிலும் ஏ.சி., குளியலறை, வைஃபை. சமையலறையும் கூடமும் எங்கே என்று கேட்டால், தரைத்தளத்தில் மிச்சம் இருக்கும் இடத்தை விரல் காட்டும். கோ-லிவிங் வீடுகளில் பெரும்பாலானவை கெடுவது இந்த வரிசையால்தான் என்பது என் முடிவு. அறை ஓரளவு சுமாராக இருந்தாலும் ஒருவர் இரண்டு ஆண்டு இருந்துவிடுவார். சமையலறை சரியில்லை என்றால் மூன்றாம் மாதமே வேறு வீடு தேட ஆரம்பிப்பார். ஆகவே இந்த வகை வீட்டைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஓர் அடுப்படியை எத்தனை பேர் பகிர்ந்துகொள்ளலாம்?

இந்தக் கேள்விக்கு உலகம் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. சமையலே வேண்டாம் என்பது அவற்றில் பழையது. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அந்த வகை. சிறு அறை, வராந்தாவின் கோடியில் பொதுக் குளியலறை. சாப்பாட்டுக்குத் தெருவில் மெஸ் இருக்கிறது. மேன்ஷன் என்றாலே அறையும் மெஸ்ஸும் சேர்ந்த ஏற்பாடு என்றுதான் அங்கே வாழ்ந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். தெருவே சமையலறையாக இருந்ததால் கட்டடத்துக்குள் சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் சேர்ந்து உட்காரவும் கட்டடத்துக்குள் இடம் இல்லை.

லண்டனில் 1934இல் திறக்கப்பட்ட லான் சாலை குடியிருப்பு இன்னொரு விடை. வெல்ஸ் கோட்ஸ் வரைந்த அந்தக் கட்டடம் ஏறக்குறைய நாம் இன்று பேசும் அதே மனிதர்களுக்காகக் கட்டப்பட்டது: வேலையில் இருக்கும், சாமான் அதிகம் இல்லாத இளையவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் பெயரளவுக்கு ஒரு சமையல் மூலை. கீழே ஒரு பொதுச் சமையலறை. அங்கிருந்து உணவு சிறு லிஃப்டில் மேலே வரும். மூன்றே ஆண்டில், 1937இல், அந்தப் பொதுச் சமையலறை உணவகமும் மதுக்கூடமுமாக மாற்றப்பட்டது. மாஸ்கோவில் கின்ஸ்பர்க் கட்டிய நார்கோம்ஃபின் கட்டடமும் 1930 வாக்கில் பொதுச் சமையலறையை நம்பி சிறு வீடுகளில் அடுப்பைக் குறைத்தது. இவ்விரண்டிலும் பகிரப்பட்டது சமைத்த சோறு. அடுப்பு பகிரப்படவில்லை. நம் ஊர் விடுதியும் பி.ஜி.யும் இதே வழியில்தான் நடக்கின்றன. யாரோ சமைக்கிறார்கள், நாம் தட்டோடு போகிறோம். வெறுப்பு வந்தால் அது சமையல்காரர் மேல் வரும், பக்கத்து அறைக்காரர் மேல் வராது.

அடுப்பையே பகிர்வது வேறு விஷயம். இங்கே உணவு அவரவருடையது. கருவி, நேரம், தண்ணீர், அழுக்கு நான்கும் பொது. இங்கிலாந்தில் ஒரே வீட்டை அறை அறையாக வாடகைக்கு விடுவது நெடுநாள் பழக்கம் என்பதால், நகராட்சிகள் இதற்குத் தெளிவான அளவு வைத்திருக்கின்றன. பல நகராட்சிகளின் விதியில் ஐந்து பேருக்கு ஒரு முழுச் சமையல் தொகுதி, அதாவது ஓர் அடுப்பு, ஒரு சிங்க், அதற்கேற்ற மேடையும் அலமாரியும் இருக்க வேண்டும். ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்று 2018இல் சட்டமே வந்தது. அது ஏறத்தாழ 70 சதுர அடி. அதே நாட்டில் 2016இல் ‘தி கலெக்டிவ்’ என்ற நிறுவனம் லண்டன் ஓல்ட் ஓக் பகுதியில் 500க்கு மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட ஒரே கட்டடத்தைத் திறந்தது. சினிமா அறை, உடற்பயிற்சிக் கூடம், நூலகம் என்று பொது இடங்களுக்குக் குறைவில்லை. நிறுவனம் 2021இல் நொடித்ததற்குச் சமையலறை காரணமில்லை; அந்தப் பழியை அதன் மேல் போட மாட்டேன். ஆனால் இந்தியாவில் கோ-லிவிங் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அந்தப் பெரிய கட்டடத்தின் சிறு நகல். ஐந்து பேர் அளவில் யோசிக்கும் வீடு இங்கே அபூர்வம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, பதினாறு பேர் ஒரு சமையலறையைப் பகிர்ந்த ஒரு வீட்டில் இருந்தேன். இரண்டு பர்னர் அடுப்பு ஒன்று, சிங்க் ஒன்று. முதல் மாதம் எல்லோரும் சமைத்தோம். இரண்டாம் மாதம் சிங்க்கில் யாருடையது என்று தெரியாத ஒரு குக்கர் நான்கு நாள் கிடந்தது. நான்காம் மாதம் ஒவ்வொரு அறையிலும் ஒரு மின்சாரக் கெட்டில் இருந்தது. அதில் முட்டை வேகவைத்தோம், நூடுல்ஸ் செய்தோம், பால் காய்ச்சினோம். பொதுச் சமையலறை பூட்டப்படாமலேயே செத்துப்போனது. அங்கிருந்தவர்களில் கெட்டவர் ஒருவரும் இல்லை. கணக்குதான் தப்பு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேலைக்குப் போகிறவர் மாலை சமைக்கும் நேரம் ஏழரை மணி முதல் பத்து மணி வரை, அதாவது 150 நிமிடம். ஒருவருக்குச் சோறும் ஒரு குழம்போ பொரியலோ செய்து முடிக்க 40 நிமிடம் அடுப்பு வேண்டும். பதினெட்டு பேர் வீட்டில் ஒரு நாளில் பத்துப் பேர் சமைக்கிறார்கள் என்று வைத்தால் 400 நிமிட அடுப்பு நேரம் தேவை. மூன்று அடுப்பு வைத்தாலும் மொத்தம் 450 நிமிடம்தான் கிடைக்கும். காகிதத்தில் போதும் போலத் தெரியும். ஆனால் அடுப்பு பத்தில் ஒன்பது பங்கு நேரம் நிரம்பியிருந்தால், வருகிறவர் ஒவ்வொருவரும் காத்திருக்க வேண்டிவரும். அதிலும் எல்லோரும் எட்டேகாலுக்குத்தான் பசியோடு வருவார்கள். ரயில்வே முன்பதிவு ஜன்னலில் நின்றவர்களுக்கு இது தெரியும்: கூட்டம் கொஞ்சம் கூடினால் காத்திருப்பு பல மடங்கு கூடும்.

ஏழு பேருக்கு ஒரு சமையலறை, அதில் இரண்டு அடுப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பர்னர் என்று வையுங்கள். ஒரு மாலையில் நான்கு பேர் சமைத்தால் 160 நிமிடம் தேவை, கிடைப்பது 300. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிரம்புகிறது. எட்டேகாலுக்கு மூன்றாவது ஆள் வந்தால் பத்து, பதினைந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பதினைந்து நிமிடம் எனக்கு வேண்டும். அதை ஒழிக்க ஆளுக்கோர் அடுப்பு வைக்கச் சொல்ல மாட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அடுப்பில் இருப்பவரோடு பேசுவது அந்த நேரத்தில்தான். கோ-லிவிங் என்ற சொல்லில் இருக்கும் ‘சேர்ந்து’ என்ற பகுதி நடப்பதும் அப்போதுதான். காத்திருப்பு பத்து நிமிடமாக இருந்தால் பழக்கம் வளரும், நாற்பது நிமிடமானால் ஸ்விக்கி வரும்.

அப்படியானால் பதினெட்டு பேருக்கு ஐந்து அடுப்பு போட்டு ஒரே பெரிய சமையலறை கட்டினால் என்ன? நேரக் கணக்கு சரியாகத்தான் வரும். வராதது அழுக்கின் கணக்கு. ஏழு பேர் இருக்கும் இடத்தில் கருகிய வாணலி யாருடையது என்று கேட்கவே வேண்டாம். எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் அது தெரியும். பதினெட்டு பேர் இடத்தில் அது யாருடையதாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க முடியாத தவறுக்குப் பொறுப்பு யாரும் எடுப்பதில்லை. ஆகவே நான் சொல்லும் எல்லை ஆறிலிருந்து எட்டு பேர். எட்டுக்கு மேல் போனால் இரண்டாவது சமையலறை. நான்குக்குக் கீழே போனால் வேறு சிக்கல்: ஒருவர் ஊருக்குப் போய், ஒருவர் இரவுப் பணியில் இருந்தால் சமையலறை வெறிச்சோடிவிடும்.

இதை ஒரு மனையில் வைத்துப் பார்க்கலாம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, சோழிங்கநல்லூர்ப் பக்கம், ஒரு கிரவுண்டு மனை என்று எடுத்துக்கொள்வோம். 40 அடிக்கு 60 அடி, 2,400 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரமில்லாத கட்டடத்துக்கு மனையின் இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம்; அதாவது 4,800 சதுர அடி வரை. கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று தளம், தளத்துக்கு 1,400 சதுர அடி.

உரிமையாளர் கொண்டுவரும் வரைபடத்தில் தளத்துக்கு ஆறு அறை, மொத்தம் பதினெட்டு இருக்கும். சமையலறை கீழே, வண்டி நிறுத்தத்துக்குப் பின்னால், 300 சதுர அடியில். நான் வரைந்தால் பதினான்கு அறைதான். முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் நான்கு அறைகளும் ஒரு சமையலறையும் இருக்கும். இரண்டாம் தளம் முழுக்க ஆறு அறை. அவற்றில் மூவர் முதல் தளச் சமையலறைக்கும், மற்ற மூவர் மூன்றாம் தளத்துக்கும் போவார்கள். ஆக ஒவ்வொரு சமையலறைக்கும் ஏழு பேர். இரண்டாம் தளத்துக்காரர் எவரும் ஒரு மாடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ வேண்டியதில்லை.

அறை 10 அடிக்கு 12 அடி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழும் அறைக்குச் சொல்லும் 9.5 சதுர மீட்டரைத் தாண்டியே இருக்கிறது. கட்டில், மேசை, அலமாரி, வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு நாற்காலி இவற்றுக்கு இது போதும். ஒவ்வோர் அறைக்கும் 35 சதுர அடியில் குளியலறை. நான்கு அறை, நான்கு குளியலறை, படி, நடை, சுவர் எல்லாம் சேர்ந்து 1,000 சதுர அடி போக, முதல் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் தலா 400 சதுர அடி மிஞ்சும். அதில் சமையலறைக்கு 160, அதை ஒட்டிய சாப்பாட்டு மேசைக்கும் கூடத்துக்கும் 240. ஆளுக்கு 57 சதுர அடி பொது இடம் கிடைக்கிறது.

உரிமையாளர் இந்த இடத்தில் நான்கு அறை போய்விட்டதே என்பார். அவர் கேட்பது நியாயம். எண்களை மறைக்காமல் வைத்துப் பார்க்க வேண்டும். பதினெட்டு அறைக்கும் மாதம் 14,000 ரூபாய் வாடகை என்றால், நிறைந்திருக்கும்போது 2,52,000 ரூபாய். சமையலறை வேலை செய்யாத வீட்டில் ஒருவர் சராசரியாக ஐந்து மாதம் இருக்கிறார், ஆள் மாறும்போது அறை மூன்று வாரம் காலியாகக் கிடக்கிறது என்று கொண்டால், கைக்கு வருவது சுமார் 2,19,000. பதினான்கு அறை வீட்டில் பதினோரு மாதம் இருக்கிறார்கள் என்றாலும், அதே 14,000 வாடகையில் சுமார் 1,83,500தான் வரும். நீண்ட நாள் தங்குவது மட்டும் இழப்பை ஈடுகட்டாது. வாடகை 16,500 ஆனால்தான் 2,16,000 வந்து, இரண்டும் ஏறக்குறையச் சமமாகின்றன.

அந்த 2,500 ரூபாயைக் குடியிருப்பவர் ஏன் தர வேண்டும்? வெளியிலிருந்து வரும் இரவுச் சாப்பாடு டெலிவரியோடு 200 ரூபாய், வீட்டில் சமைத்தால் 80 என்று வைத்தால், மாதம் இருபது நாள் சமைக்கிறவருக்கு 2,400 ரூபாய் மிஞ்சுகிறது. ஆகவே இந்த வீட்டின் கூடுதல் வாடகையைக் கட்டுவது அந்தச் சமையலறைதான். அது வேலை செய்தால் மட்டுமே கணக்கு நிற்கும். உரிமையாளருக்கு வேறு ஒரு லாபமும் உண்டு. பதினெட்டு அறைக் கணக்கில் ஆண்டுக்கு முப்பத்தெட்டு முறை ஆள் மாறுகிறது; பதினான்கு அறைக் கணக்கில் பதினான்கு முறை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுண்ணாம்பு, பழுது, தரகு, புதியவரை விசாரிப்பது எல்லாம் உண்டு. வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாமல், தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கும் ஏற்பாட்டுக்கு 2024இல் ஜி.எஸ்.டி. விலக்கு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்சத் தங்கல் மூன்று மாதம் என்று எழுதுவது அதற்கும் உதவும், வீட்டின் அமைதிக்கும் உதவும். பெண்களுக்கான வீடு என்றால் 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு விடுதிகள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அந்த முடிவை வரைபடத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், கட்டி முடித்த பிறகு சுவரை இடிப்பது வீண்.

இனி அந்த 160 சதுர அடிக்குள் போவோம். எல்லோரும் அடுப்பைப் பற்றியே யோசிக்கிறார்கள். உண்மையில் நெரிசல் சிங்க்கில்தான். அரிசி களைய, காய் கழுவ, பாத்திரம் துலக்க, தட்டு அலச, தண்ணீர் பிடிக்க எல்லாம் அங்கேதான் வர வேண்டும். ஏழு பேருக்கு ஒரு சிங்க் இருந்தால், துலக்குகிறவர் சமைக்கிறவரைத் தடுப்பார்; தடுக்கப்பட்டவர் ‘அப்புறம் கழுவிக்கலாம்’ என்று தன் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போவார். சிங்க்கில் குவியல் தொடங்குவது சோம்பலால் அல்ல, வரிசையால். ஆகவே இரண்டு சிங்க். சமைக்கும் மேடையில் சிறியது ஒன்று. எதிர்ச்சுவரில் அகலமும் ஆழமுமாக, ஐந்து லிட்டர் குக்கர் படுத்துக்கொள்ளும் அளவில் துலக்கும் சிங்க் ஒன்று, பக்கத்தில் பாத்திரம் கவிழ்க்க மூன்றடி மேடை. கழிவுக் குழாய் வெளியே போகும் இடத்தில் எண்ணெய் தேங்கும் சிறு தொட்டி வைத்து, அதன் மூடியைக் கையால் திறக்கும்படி விட வேண்டும். ஏழு பேர் வீட்டில் சோற்றுப் பருக்கையும் தேயிலைச் சக்கையும் எண்ணெயும் சேர்ந்து மாதத்துக்கு ஒரு முறையாவது அடைக்கும்.

இரண்டு அடுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. நடுவில் குறைந்தது மூன்றடி மேடை இருந்தால்தான் இருவர் முழங்கை இடிக்காமல் நிற்கலாம். இரண்டும் தள்ளி இருப்பதில் நம் ஊருக்கு இன்னொரு வசதி உண்டு: ஒன்றை சைவத்துக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இதை வீட்டு விதியாகப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டாம். இடம் இருந்தால் ஏழு பேரும் தாங்களே பேசிக்கொள்வார்கள். இடம் இல்லாவிட்டால்தான் அது கொள்கைச் சண்டை ஆகும். சாமான் வைக்க ஆளுக்கு ஒன்றரை அடி அகலத்தில் பூட்டுள்ள அலமாரி ஒன்று, ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. ஏழு பேருக்கு ஒரு ஃபிரிட்ஜ் போதாது, இரண்டு வேண்டும். அடுத்தவர் மாவில் கை வைத்தது யார் என்ற கேள்வியால் பிரிந்த வீடுகள் உண்டு.

தட்டும் டம்ளரும் அவரவருடையதாக, அவரவர் அலமாரிக்குள் இருக்க வேண்டும். குக்கர், வாணலி, தோசைக்கல், கிரைண்டர் பொது. அவை சுவரில் கொக்கியில் தொங்க வேண்டும். தொங்கும் பாத்திரத்தில் எது காணோம், எது கழுவாமல் மாட்டப்பட்டது என்பது ஒரே பார்வையில் தெரியும். அலமாரிக்குள் அடுக்கியிருந்தால் தெரியாது. காலையில் ஒரு அக்கா வந்து மேடையையும் தரையையும் அடுப்பையும் துடைத்துவிட்டுப் போக வேண்டும்; அவர் சம்பளத்தை வாடகையிலேயே சேர்த்துவிட வேண்டும். ஆனால் பாத்திரத்தை அவர் தலையில் கட்டக் கூடாது. கட்டினால் இரவுப் பாத்திரம் காலை வரை ஊறும், ஒரு மாதத்தில் கரப்பான் குடிவரும்.

சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வாஸ்து பார்ப்பவர்கள் அக்கினி மூலை என்று தென்கிழக்கைச் சொல்வார்கள். கோடையில் மதியத்துக்கு மேல் இந்த ஊரில் கடற்காற்று வருவதும் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான். தென்கிழக்கில் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருந்தால் காற்று தாளிப்பு வாசனையைக் கூடத்துக்குக் கொண்டுவரும், அது இன்பம். ஏழு பேரின் இரண்டு அடுப்பு இருந்தால், காய்ந்த மிளகாய் நெடியை அது நான்கு படுக்கையறைக்குள்ளும் தள்ளும். காற்று வரும் பக்கத்தைப் படுக்கையறைகளுக்குக் கொடுத்துவிட்டு, சமையலறையை வடமேற்கில் வைப்பதே சரி. வாயு மூலை என்று வாஸ்துக்காரர்களும் அதை இரண்டாவது தெரிவாக ஏற்பதால் உரிமையாளரின் தாயாரையும் சம்மதிக்க வைத்துவிடலாம். அதோடு புகைபோக்கியின் குழாயை மொட்டை மாடி வரை கொண்டுபோக வேண்டும். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் வைத்தால், எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அது புகையைத் திருப்பி உள்ளே தள்ளும்.

கேஸ் விஷயத்தில் குறுக்குவழி வேண்டாம். வீட்டு இணைப்பின் 14.2 கிலோ சிலிண்டர் இதற்கு ஆகாது. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் வெளியே காற்றோட்டமான கூண்டில், குழாய் வழியாக உள்ளே வர வேண்டும். அதைத் தவிர்க்க இண்டக்‌ஷன் வைப்பவர்கள், ஓர் அடுப்பு 2,000 வாட் வரை இழுக்கும், அதே எட்டேகால் மணிக்குத்தான் பதினான்கு ஏ.சி.யும் ஓடத் தொடங்கும் என்பதை மின்பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறை ஒவ்வொன்றுக்கும் தனி சப்-மீட்டர் வைத்தால் ஏ.சி. பற்றிய சண்டை ஒழியும்.

தண்ணீரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது விதிக் கணக்கு. பதினான்கு பேருக்கு 1,890 லிட்டர். பழைய மகாபலிபுரம் சாலையின் பல உட்பகுதிகள் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 2019 ஜூனில் அந்தச் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் சில தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னதை இங்கே யாரும் மறக்கவில்லை. 12,000 லிட்டர் லாரி ஒன்று வந்தால் ஆறு நாள் ஓடும். ஆகவே தரைத்தொட்டி ஒரு முழு லாரியை வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும் சேர்த்து 15,000 லிட்டர் என்று கட்டுவது நல்லது. சிறிதாகக் கட்டியவர்கள் பாதி லாரிக்கு முழு விலை கொடுக்கிறார்கள்.

கூடத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பெரிய டி.வி., நல்ல சோபா, சுவரில் ஓவியம் இருந்தால் ஆட்கள் வந்து உட்காருவார்கள் என்பது. தரைத்தளத்தில், வாசலுக்குப் பக்கத்தில், ஹோட்டல் வரவேற்பறை மாதிரி வைத்த கூடங்களைப் பாருங்கள். விளக்கு எரியும், ஆள் இருக்காது. அங்கே போக ஒரு காரணம் வேண்டும். ‘பழகுவதற்காக’ என்பது எவருக்கும் காரணம் ஆகாது, கூச்சம்தான் வரும். காபி போட வந்தேன், துணி காய்ந்ததா என்று பார்க்க வந்தேன் என்பவை காரணங்கள். கூடம் சமையலறையோடு ஒட்டி இருக்க வேண்டும் என்பது இதனால்தான். சாப்பாட்டு மேசை இரண்டுக்கும் நடுவில் இருந்தால், நறுக்குகிறவர், சாப்பிடுகிறவர், லேப்டாப்பை விரித்திருப்பவர் மூவரும் ஒரே மேசையில் இருக்கலாம்.

ஜப்பானின் நகோயாவில் 2013இல் நருசே இனோகுமா கட்டடக் கலைஞர்கள் கட்டிய எல்.டி. ஜோசாய் என்ற வீட்டை இதற்காகப் படிக்க வேண்டும். அது பழைய வீட்டை மாற்றியது அல்ல, பகிர்ந்து வாழ்வதற்கென்றே புதிதாகக் கட்டியது. பதின்மூன்று அறை. அறைகளைத் தளங்களில் ஏற்ற இறக்கமாக வைத்து, அவற்றின் இடையில் கிடைத்த வெளிகளையே பொது இடமாக்கினார்கள். எல்லோரும் கூடும் மேசையும் உண்டு, ஒருவர் தனியே ஜன்னலோரம் உட்காரும் மூலையும் உண்டு. பொது இடத்தில் தனியாக இருக்க முடிந்தால்தான் ஒருவர் அங்கே வருவார் என்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். நம் பழைய வீட்டுத் திண்ணை செய்ததும் இதைத்தான். அங்கே உட்கார்ந்தால் தெருவிலும் இருக்கிறோம், வீட்டிலும் இருக்கிறோம். பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நம் 240 சதுர அடிக்குள்ளும் ஒரு ஜன்னலடியில் ஒன்றரை அடி அகலத்தில் மேடை கட்டிவிட்டால் அது கிடைக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பேச மனமில்லாத நாளில், கூடத்தைக் கடக்காமல் அறைக்குப் போகவும் வழி இருக்க வேண்டும். படி ஏறியதும் கூடம் கண்ணில் படட்டும், கால் அதன் வழியே போக வேண்டாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இரண்டு நொடி கிடைக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் கூடத்தின் நடுவே நடந்துபோக வைக்கும் வீட்டில், ஆட்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள்.

சத்தம்தான் கடைசிப் பெரிய விஷயம். இந்தச் சாலையில் வேலை செய்பவர்களில் அமெரிக்க நேரத்துக்கு உழைப்பவர்கள் பலர். அவர்கள் பகலில் தூங்குவார்கள். காலை ஏழரைக்குக் குக்கர் விசில் அடிக்கும்போது ஒருவர் அப்போதுதான் படுத்திருப்பார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையில் நாலரை அங்குலச் சுவர் போதாது, ஒன்பது அங்குலம் வேண்டும். அதைவிட நல்லது, குளியலறைகளை அந்தப் பக்கம் வைத்து அவற்றையே தடுப்பாக்குவது. கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் சுவர் எவ்வளவு தடித்திருந்தும் பயனில்லை. ரப்பர் பட்டை வைத்து அதை மூட வேண்டும். இரண்டாம் தளத்து ஆறு அறைகளை இரவுப் பணிக்காரர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். அந்தத் தளத்தில் அடுப்பு இல்லாதது அவர்களுக்கு நல்லது.

வீடு நிறைந்து மூன்று மாதம் ஆன பிறகு, அது சரியாக ஓடுகிறதா என்று யாரையும் கேட்க வேண்டாம். கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு அண்ணா’ என்பார்கள். வாசலுக்கு வரும் உணவுப் பொட்டலங்களை ஒரு வாரம் எண்ணுங்கள். அறைகளின் குப்பையில் முட்டை ஓடும் நூடுல்ஸ் உறையும் இருக்கிறதா என்று துப்புரவு அக்காவிடம் கேளுங்கள். எட்டு மணிக்கு அறை சப்-மீட்டர் திடீரென்று ஏறினால் உள்ளே கெட்டிலோ சிறு அடுப்போ ஓடுகிறது. பொதுக் கொக்கியில் இருக்க வேண்டிய வாணலி காணாமல் போய் ஒரு அறையில் இருந்தால், அவரைத் திட்டாதீர்கள். அடுப்பு வரிசையா, சிங்க் அடைப்பா, ஃபிரிட்ஜில் இடமின்மையா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும்; இரண்டையும் ஒரு வாரத்தில் சரிசெய்யலாம்.

இவ்வளவையும் கட்டி முடித்த பிறகு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முதல் தளத்தின் கான்கிரீட் காய்ந்ததும், சுவர் எழுப்பும் முன், சமையலறையின் மேடை, இரண்டு அடுப்பு, இரண்டு சிங்க், ஃபிரிட்ஜ், மேசை எல்லாவற்றையும் உண்மை அளவில் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவிடுங்கள். கட்டட வேலைக்கு வந்தவர்களில் நான்கு பேரை அழையுங்கள். ஒருவர் அடுப்பில், ஒருவர் எதிர் சிங்க்கில், ஒருவர் கையில் பெரிய பாத்திரத்தோடு அடுப்பிலிருந்து சிங்க்குக்கு, ஒருவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறப்பது போல. பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். ஒருவர் முதுகை ஒருவர் எங்கே இடிக்கிறார் என்று பார்த்து, கோட்டை அழித்து, ஓர் அடி தள்ளி வரையுங்கள்.